காப்பகத்துக்கு நிதி கேக்குற வீடியோ: ஸ்கிரிப்ட் பத்தி அடிக்கடி வர்ற கேள்விகள்

விலங்குக் காப்பகத்துக்கு டொனேஷன் கேட்டு ஒரு வீடியோ பண்ணணும், ஸ்கிரிப்ட் எப்படி எழுதுறதுன்னு கேக்குறவங்க எல்லாரும் சுத்திச் சுத்தி ஒரே சந்தேகங்களத்தான் கேக்குறாங்க, அதான் எல்லாத்தையும் ஒரே இடத்துல போட்டுட்டேன். உதாரணத்துக்கு முழுக்க ஒரே நாயத்தான் எடுத்திருக்கேன், சொறி பிடிச்சு முடியெல்லாம் கொட்டிப்போய் வந்த ஒரு பெண் நாய், பேரு கருப்பி. எழுதிக் காட்டுறதுக்காக நானா வச்ச நாய்தான், நிஜத்துல இல்ல, ஆனா சொறி நாய் வராத காப்பகம் இருக்காதுங்கறதால உங்க நாய அந்த இடத்துல வச்சுப் பார்த்துக்கலாம்.

வீடியோ எத்தன நிமிஷம் இருக்கணும்?

போன்ல ஸ்க்ரோல் பண்றவங்களுக்குன்னா ஒன்றரை நிமிஷம், அதாவது 90 நொடி. அதுக்குள்ள ஒரு நாயோட கதையச் சொல்லி, காசும் கேட்டு, லிங்க்கக் காட்டவும் நேரம் இருக்கும். ஒரு ஹால்ல எல்லாரையும் உக்கார வச்சு போடப் போறீங்கன்னா மூணு நிமிஷம் வரைக்கும் போகலாம், அங்க யாரும் விரல வச்சுத் தள்ளிட்டுப் போகப் போறதில்ல.

எழுதும்போது ஒண்ணு கவனிங்க. இங்கிலீஷ் டிப்ஸ்ல நிமிஷத்துக்கு 140, 150 வார்த்தைன்னு போட்டிருப்பாங்க, அத அப்படியே எடுத்துக்காதீங்க, நம்ம வார்த்தைங்க நீளம். நிதானமா பேசினா நிமிஷத்துக்கு 90ல இருந்து 100 வார்த்தைதான் வரும். இடையில யாரும் பேசாத நொடிகளும் வேணுங்கறதால 90 நொடிக்கு மொத்தமே 100 வார்த்தைக்குள்ள எழுதுங்க, எழுதினத வாய்விட்டுப் படிச்சு போன்ல டைம் பாருங்க. மனசுக்குள்ள படிச்சா எப்பவும் நேரம் கம்மியாத்தான் காட்டும்.

ஸ்கிரிப்ட்னா பேசுற வசனத்த எழுதினா போதும்ல?

போதாது. பேப்பர நடுவுல கோடு போட்டு ரெண்டாப் பிரிங்க, இடது பக்கம் என்ன தெரியுது, வலது பக்கம் என்ன கேக்குது. எழுதி முடிச்சதும் வலது பக்கத்த கையால மூடிட்டு இடது பக்கத்த மட்டும் படிங்க, கதை புரியணும். புரியலன்னா நீங்க எழுதினது வீடியோ இல்ல, ரேடியோ.

இதுல இன்னொரு லாபம், ரெண்டு பக்கமும் ஒரே விஷயத்தச் சொல்ற இடம் உடனே மாட்டிக்கும். படத்துல நாய் நடுங்கிட்டு இருக்கும், குரல் "இந்த நாய் நடுங்கிட்டு இருக்கு"ன்னு சொல்லிட்டு இருக்கும். அந்த வரிய வெட்டிட்டு படத்துல தெரியாத ஒண்ண சொல்லுங்க, எப்போ வந்துச்சு, ஏன் நடுங்குது, அந்த மாதிரி.

எங்ககிட்ட 60 நாய் இருக்கு, ஒண்ண மட்டும் காட்டினா மத்ததுக்கெல்லாம் அநியாயம் இல்லையா?

அறுபதையும் காட்டினாத்தான் அறுபதுக்கும் அநியாயம், ஏன்னா காசு கம்மியா வரும். இத 2007ல டெபோரா ஸ்மால், ஜார்ஜ் லோவென்ஸ்டீன், பால் ஸ்லோவிக்னு மூணு ஆராய்ச்சியாளர்கள் மனுஷங்கள வச்சே சோதிச்சுப் பார்த்தாங்க. சில பேருக்கு பசியில இருக்க ஒரே ஒரு சின்னப் பொண்ணப் பத்தி மட்டும் சொன்னாங்க, சில பேருக்கு லட்சக்கணக்கான பேர் பட்டினி கிடக்குறாங்கன்னு புள்ளிவிவரம் மட்டும் குடுத்தாங்க. ஒரு பொண்ணப் பத்திக் கேட்டவங்க சராசரியா ரெண்டு மடங்குக்கும் கொஞ்சம் மேல குடுத்தாங்க.

அதுல கவனிக்க வேண்டியது மூணாவது குரூப்தான். அவங்களுக்கு அந்தப் பொண்ணோட கதையும் சொல்லி, கூடவே புள்ளிவிவரமும் சொன்னாங்க. ரெண்டும் இருந்தா இன்னும் அதிகமா குடுப்பாங்கன்னுதானே தோணும், ஆனா தொகை சரிஞ்சு கிட்டத்தட்ட புள்ளிவிவரக் குரூப் பக்கம் போயிடுச்சு. அதனால "எங்ககிட்ட இதே மாதிரி 60 நாய்"ங்கற வரிய வீடியோவுக்குள்ள வைக்காதீங்க, கீழ கேப்ஷன்ல போட்டுக்கோங்க. மத்த நாய்ங்களுக்கு வீடியோல எப்படி இடம் குடுக்கறதுன்னு கீழ கருப்பி ஸ்கிரிப்ட்டுக்கு அடுத்த கேள்வில வருது.

சரி, எந்த நாய எடுக்குறது? இருக்கறதுலயே மோசமா இருக்கறதையா?

மோசமா இருக்கறத இல்ல, மாற்றம் கண்ணுக்குத் தெரியுறத எடுங்க. சிறுநீரகம் கெட்டுப்போன நாய் எவ்வளவு கஷ்டப்பட்டாலும் வெளிய பார்க்க சோர்வா இருக்க நாய் மாதிரிதான் தெரியும், குணமானாலும் வீடியோல பெருசா வித்தியாசம் இருக்காது. சொறி அப்படி இல்ல. காதோரம், முழங்கை, வயிறுன்னு முடி கொட்டி, தோல் தடிச்சு, பொறுக்கு கட்டிப் போயிருக்கும். மருந்து ஆரம்பிச்சு சில வாரத்துல அரிப்பு அடங்கும், ரெண்டு மூணு மாசத்துல முடி திரும்ப வந்துடும். ஆரம்பத்தையும் முடிவையும் பக்கத்துல பக்கத்துல வச்சா ஒரு வார்த்தை பேச வேண்டாம்.

இன்னொரு கண்டிஷன், அந்த நாய தினமும் பார்த்துக்கிட்ட ஒரு ஆள் இருக்கணும், அவங்களுக்கு அதப் பத்திச் சொல்ல ஒரு சின்ன விஷயமாவது இருக்கணும். ஸ்கிரிப்ட் எழுதுறதுக்கு முன்னாடி அந்த ஆள்கிட்ட அரை மணி நேரம் உக்காந்து "எந்த அன்னிக்கு இது பொழச்சுக்கும்னு உங்களுக்குத் தோணுச்சு?"ன்னு கேளுங்க. உங்க வீடியோவோட நடுப்பகுதி அந்தப் பதில்லதான் இருக்கு. டாக்டர்கிட்ட கேட்டா மருந்து பேரு கிடைக்கும், இது கிடைக்காது.

முதல் ஷாட்ல காப்பகத்தோட பேரும் லோகோவும் வைக்கலாமா?

வேண்டாம். லோகோவப் பார்த்ததும் விளம்பரம்னு தெரிஞ்சுடும், தள்ளிட்டுப் போயிட்டே இருப்பாங்க. முதல் மூணு நொடில நாயோட முகம், அதுவும் ரொம்ப கிட்ட. ஆஃபீஸ் வாசல், போர்டு, நிறுவனர் வணக்கம் சொல்றது எல்லாம் உங்க நன்றி வீடியோவுக்கு வச்சுக்கோங்க. பேரு கடைசில லிங்க் கூட வந்தா போதும்.

கேமரா உயரத்தையும் ஸ்கிரிப்ட்லயே எழுதிடுங்க. நின்னுக்கிட்டே மேல இருந்து எடுத்தா நாய் குட்டியா, பாவமா தெரியும், தரையோட தரையா அது கண்ணு உயரத்துல எடுத்தா ஒரு ஆளப் பார்க்குற மாதிரி தெரியும். எனக்கு முழு வீடியோவும் கண்ணு உயரத்துல இருக்கறதுதான் பிடிக்கும். ஆனா நாய் பயந்திருக்க நாள்ல கேமராவ மூஞ்சிக்கு நேரா நீட்டாதீங்க, தூரத்துல இருந்து ஜூம் பண்ணுங்க. உதட்ட நக்கிட்டே இருக்கறது, முகத்தத் திருப்பிக்கிட்டு கண்ணோட வெள்ளை தெரியுற மாதிரி ஓரக்கண்ணால பார்க்கறது, இதெல்லாம் வந்தா ஷூட்டிங்க நிறுத்திடணும்.

நல்லா அழ வச்சாத்தானே காசு வரும்?

ஒரு அளவு வரைக்கும்தான். 2007ல அமெரிக்காவுல ASPCAங்கற விலங்கு நல அமைப்பு போட்ட விளம்பரம் ரொம்ப பிரபலம், சோகமான பாட்டு, கூண்டுக்குள்ள இருந்து பார்க்குற நாய் பூனைங்க. காசு கோடிக்கணக்குல வந்துச்சு, கூடவே அந்தப் பாட்டு ஆரம்பிச்சாலே சேனல மாத்துற கூட்டமும் உருவாச்சு, அதுல வந்த பாடகியே தன்னால அதப் பார்க்க முடியலன்னு சொல்லியிருக்காங்க. டிவி காலத்துல ரிமோட்டத் தேடி எடுக்கவாவது ரெண்டு நொடி ஆகும். போன்ல கட்டைவிரல் ஏற்கனவே ஸ்கிரீன் மேலதான் இருக்கு.

நான் வச்சுக்கற கணக்கு, 90 நொடில கஷ்டம் தெரியுற பகுதி சுமார் 20 நொடி, அதுலயும் புண்ண நேரா காட்டுற ஷாட் ஒண்ணு, அஞ்சு நொடிக்கு மேல போகக்கூடாது. ரத்தம், புழு வச்ச புண் எல்லாம் வேண்டவே வேண்டாம். பார்க்குறவங்க தாங்க மாட்டாங்கங்கறது ஒரு பக்கம், சமூக வலைத்தளங்களே அந்த மாதிரி வீடியோ மேல எச்சரிக்கைத் திரை போட்டு மூடலாம், சின்ன வயசுக்காரங்களுக்குக் காட்டாம விடலாம், விளம்பரமா ஓட்ட விடாமலும் போகலாம். சோகத்துக்கு புண்ணவிட சத்தம் நல்லா வேலை செய்யும், கீழ ஸ்கிரிப்ட்ல பாருங்க.

விளக்கம் எல்லாம் சரி, ஒரு முழு ஸ்கிரிப்ட் எழுதிக் காட்டுங்களேன்?

இந்தாங்க. பேசுறது காப்பகத்துல நாய்ங்களப் பார்த்துக்கறவங்க, அவங்க சொந்தக் குரல்ல.

0 முதல் 5 நொடி. படம்: ஒரு கண்ணும் காதோரமும் மட்டும், ரொம்ப கிட்ட. காதுல முடி இல்ல, பொறுக்கு. சத்தம்: நகத்தால தோல சொறியுற சத்தம், வேற எதுவும் இல்ல. குரல்: "ராத்திரி முழுக்க இந்தச் சத்தம்தான் கேக்கும்."

5 முதல் 22 நொடி. படம்: தனிக் கூண்டோட மூலைல சுருண்டு உக்காந்திருக்க நாய், தரை மட்டத்துல இருந்து. உடம்பெல்லாம் சாம்பல் நிறத் தோல். குரல்: "வந்தப்போ இவளுக்குப் பேரு இல்ல. சொறி. கண்ணுக்குத் தெரியாத பூச்சி, தோலுக்குள்ள துளை போட்டு முட்டை வைக்கும். அரிப்பு தாங்காம சொறிஞ்சு சொறிஞ்சு படுக்கக்கூட முடியல."

22 முதல் 35 நொடி. படம்: கூண்டுக் கதவு திறக்குது, நாய் எந்திரிச்சு மூலைக்குப் போகுது. ஒரு கை சாப்பாட்டுத் தட்ட வச்சுட்டு வெளிய வருது. குரல்: "நான் உள்ள போனா மூலைக்குப் போயிடுவா. தட்ட வச்சுட்டு வந்துடுவேன்."

35 முதல் 48 நொடி. படம்: அதே கதவு, அதே கை, அதே தட்டு. குரல்: "பத்தாவது நாள், போகல." அதுக்கப்புறம் எட்டு நொடி யாரும் பேசல. நாய் தலையக் குனிஞ்சு சாப்பிடுது, கை தட்டுப் பக்கத்துலயே இருக்கு.

48 முதல் 60 நொடி. படம்: வெயில்ல ஓடி வர்ற பளபளன்னு கருப்பு நாய். குரல்: "ரெண்டு மாசத்துல முடி வந்துருச்சு. இவ கருப்புன்னே எங்களுக்கு அப்போதான் தெரியும். அதான் கருப்பி."

60 முதல் 68 நொடி. படம்: பழைய அதே கூண்டு, அதே மூலை, உள்ள வேற ஒரு நாய், காதோரம் முடி இல்ல. மறுபடி அந்த சொறியுற சத்தம். குரல்: "அந்தக் கூண்டு காலியா இல்ல. இப்போ இவன் இருக்கான்."

68 முதல் 80 நொடி. படம்: புது நாயோட முகம். குரல்: "ஒரு வாரத்துக்கு இவனோட மருந்து, சாப்பாடு, எல்லாம் சேர்த்து (தொகை). ஒரு வாரத்த நீங்க ஏத்துக்கோங்க. கீழ இருக்க லிங்க்க இப்பவே அமுக்குங்க."

80 முதல் 90 நொடி. படம்: புது நாய் ஒரு பக்கம், இன்னொரு பக்கம் காப்பகத்தோட பேரு, லிங்க், க்யூஆர் கோடு. குரல் இல்ல.

கருப்பி குணமாயிட்டான்னு காட்டிட்டா, பார்க்குறவங்க "அப்பாடா"ன்னு போயிட மாட்டாங்களா? அப்புறம் எதுக்குக் காசு?

போயிடுவாங்க, நிறைய வீடியோ தோக்குறது சரியா இந்த இடத்துலதான். கதை சுபம்னு முடிஞ்சு, இசை ஏறி, நாய் வால ஆட்டி, அதுக்கப்புறம் "உங்கள் ஆதரவு தேவை"ன்னு ஒரு கார்டு வரும். பார்க்குறவங்க மனசுல கணக்கு முடிஞ்சிருக்கும். அதுக்காக குணமானதயே காட்டாம விட்டாலும் சிக்கல், குடுக்குற காசு வேலை செய்யுதுன்னு நம்ப அவங்ககிட்ட எதுவும் இருக்காது, சோகத்த மட்டும் வாங்கிட்டுப் போவாங்க.

அதனாலதான் 60வது நொடில அந்தப் பழைய கூண்டு. கருப்பியோட கதை முடிஞ்சுது, அந்தக் கூண்டோட கதை முடியல. அதே மூலை, அதே சத்தம்னு வச்சதும் பார்க்குறவங்களுக்கு இனி நாம எதுவும் விளக்க வேண்டாம், இவனுக்கு என்ன பண்ணணும், எவ்வளவு நாள் ஆகும், கடைசில எப்படி ஆவான்னு 60 நொடில பார்த்தாச்சு. நம்ம கோரிக்கை கதைய நிறுத்திட்டு வர்ற அறிவிப்பா இல்லாம கதையோட அடுத்த வரியா வந்துடும். மேல சொன்ன மத்த 59 நாய்க்கும் வீடியோல இடம் இதுதான், கூட்டமா இல்ல, அடுத்து வந்த ஒருத்தனா.

ஒரே நிபந்தனை, அந்தக் கூண்டுல நிஜமாவே ஒருத்தன் இருக்கணும். குரல்ல "நேத்து வந்தான்"னு எழுதாம "இப்போ இருக்கான்"னு எழுதினதும் அதுக்குத்தான், வீடியோ நாலு மாசம் ஓடும், நேத்துங்கறது ரெண்டாவது நாளே பொய்யாயிடும். அவனும் குணமாயிட்டா கடைசி 30 நொடிய மட்டும் அடுத்த நாய வச்சு மறுபடி எடுத்து ஒட்டிக்கலாம்.

அந்த (தொகை)ங்கற இடத்துல என்ன போடுறதுன்னு எப்படி முடிவு பண்றது?

கணக்கு நோட்ட எடுங்க. போன மாசம் காப்பகத்துக்கு ஆன மொத்தச் செலவு, சாப்பாடு, மருந்து மட்டும் இல்ல, சம்பளம், வாடகை, கரண்ட், வண்டி எல்லாம். அத சராசரியா இருந்த நாய் எண்ணிக்கையால வகுங்க, அப்புறம் 30ஆல வகுங்க, ஒரு நாய்க்கு ஒரு நாள் செலவு வந்துடும். சொறி நாய்க்கு கூடுதலா ஆகுறத தனியா சேர்க்கணும்: தோலச் சுரண்டி மைக்ரோஸ்கோப்ல பார்க்கறது, பூச்சிக்கு மருந்து, புண்ணுல கிருமி சேர்ந்திருந்தா ஆன்டிபயாட்டிக், மத்த நாய்ங்களுக்குப் பரவும்ங்கறதால தனிக் கூண்டு. இந்தக் கூடுதல் செலவ சிகிச்சை எத்தன வாரம் இருக்குமோ அத்தன வாரத்துக்குப் பிரிச்சு, கூடவே ஒரு நாள் செலவ ஏழால பெருக்கிச் சேர்த்தா ஒரு வாரத் தொகை.

ஒரு நாள், ஒரு வாரம், முழு சிகிச்சைன்னு மூணுல எத வாய்ல சொல்றதுங்கறது உங்க கையில. இதுக்கு முன்னாடி உங்களுக்கு வந்த டொனேஷன்ல நடுவாந்தரமா எந்தத் தொகை இருக்குன்னு பாருங்க, அதுக்குக் கொஞ்சம் மேல எந்த அளவு வருதோ அத சொல்லுங்க. வீடியோல ஒரே ஒரு தொகைதான் வரணும். மத்த ரெண்டும் லிங்க்க அமுக்கினா வர்ற பக்கத்துல இருக்கட்டும்.

சம்பளத்தயும் வாடகையையும் சேர்க்கறதுக்கு சிலர் தயங்குவாங்க. சேர்க்கலன்னா நாய்க்குன்னு வர்ற காசுல சாப்பாடு வாங்கலாம், அந்தச் சாப்பாட்ட வைக்கிற கைக்குச் சம்பளம் குடுக்க முடியாது. ஸ்கிரிப்ட்ல "எல்லாம் சேர்த்து"ன்னு போட்டிருக்கறது இதுக்காகத்தான்.

காசுன்னு வாயத் திறந்து கேக்கவே கூச்சமா இருக்கு. "உங்களால் இயன்றதைச் செய்யுங்கள்"னு விட்டுடலாமா?

அது மரியாதையா தெரியும், ஆனா பார்க்குறவங்க தலைல ஒரு வேலைய ஏத்தி விடுது. எவ்வளவு குடுக்குறது, கம்மியா குடுத்தா தப்பா நினைப்பாங்களா, எங்க குடுக்குறதுன்னு அவங்களே யோசிக்கணும், யோசிக்க ஆரம்பிச்சா "அப்புறம் பார்த்துக்கலாம்"தான். ஒரு தொகை, அது எதுக்கு, எப்படி, எப்போ, நாலும் இருந்தாத்தான் அது கோரிக்கை. கூடவே ஷேர் பண்ணுங்க, தத்தெடுங்க, வாலண்டியரா வாங்கன்னு அடுக்காதீங்க. ஷேர் பண்றது இலவசம்ங்கறதால முக்கால்வாசிப் பேர் அத பண்ணிட்டு கடமை முடிஞ்சுதுன்னு போயிடுவாங்க.

கூச்சம் போக ஒரு வழி, அந்த வரிய "எங்களுக்குக் குடுங்க"ன்னு எழுதாம "இவனோட ஒரு வாரத்த ஏத்துக்கோங்க"ன்னு எழுதறது. பேசுறவங்களுக்கே குரல் மாறும், நீங்களே படிச்சுப் பாருங்க.

க்யூஆர் கோடு போட்டா போதும்தானே?

டிவிலயோ பெரிய ஸ்கிரீன்லயோ ஓடினா போதும். ஆனா போன்ல பார்க்குறவர் அதே போன வச்சு அதே ஸ்கிரீன எப்படி ஸ்கேன் பண்ணுவார்? சிலர் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து பேமென்ட் ஆப்ல திறப்பாங்க, அவ்வளவு தூரம் மெனக்கெடுறவங்க கொஞ்சம் பேர்தான். அதனால விரல் படுற இடத்துல, போஸ்ட்லயே ஒரு லிங்க் இருக்கணும், அது முகப்புப் பக்கத்துக்குப் போகாம நேரா காசு கட்டுற பக்கத்துக்குப் போகணும், அங்க மேல புது நாயோட அதே போட்டோ இருக்கணும். போட்டோ மாறினா தப்பான பக்கத்துக்கு வந்துட்டோமோன்னு சந்தேகம் வரும்.

கோடும் லிங்க்கும் குறைஞ்சது பத்து நொடி நிக்கணும். கடைசி மூணு நொடில மின்னல் மாதிரி காட்டிட்டு கருப்புத் திரை போடுற வீடியோங்கள பார்த்தா எனக்கு எரிச்சலா வரும், இவ்வளவு கஷ்டப்பட்டு கூட்டிட்டு வந்து கதவ மூஞ்சிலயே சாத்துறாங்க.

நிறைய பேர் சத்தத்த ஆஃப் பண்ணிட்டுத்தான் பார்க்குறாங்க, அப்போ அந்த சொறியுற சத்தம் எல்லாம் வீண்தானே?

எழுத்துல குடுங்க. கீழ சப்டைட்டில்ல "(நகம் சொறியும் சத்தம்)"னு வந்தாலே ஆச்சு, படத்துல நாயோட பின்னங்கால் ஆடுறது தெரிஞ்சா இன்னும் நல்லது. எல்லா வசனத்தையும் வீடியோ மேலயே பதிச்சுடுங்க, பேசுற அதே தமிழ்ல, புத்தகத் தமிழுக்கு மாத்தாம, ஒரு தடவைக்கு ரெண்டு வரிக்கு மேல போகாம. தொகைய மட்டும் பெரிய எழுத்துல. மேல சொன்ன இடது பக்கச் சோதனைல பாஸான ஸ்கிரிப்ட்டுக்கு இது பெரிய வேலையே இல்ல.

இசை வேணும்னா 48வது நொடில கருப்பி ஓடி வரும்போதுதான் முதல்ல ஆரம்பிக்கணும், 60வது நொடில சட்டுனு நிக்கணும். சினிமா பாட்டத் தொடாதீங்க, உரிமைக்காரங்க கோரினா சத்தம் துண்டிக்கப்படும், இல்ல வீடியோவே போயிடும், அதுவும் நல்லா ஓடிட்டு இருக்க அன்னிக்குத்தான் நடக்கும்.

நாயே பேசுற மாதிரி "நான்தான் கருப்பி பேசுறேன்"னு வச்சா உருக்கமா இருக்குமே?

எனக்குப் பிடிக்காது, காரணத்தச் சொல்லிடுறேன். நாய் குரல்ல பேசினா காசு கேக்குற வரி வரும்போது அந்த நாயே தன்னோட மருந்துச் செலவக் கணக்குப் போட்டுச் சொல்ற மாதிரி ஆயிடும், சிரிப்பு வந்துடும். தவிர, "பத்தாவது நாள், போகல"ங்கற வரிய அந்த நாயால சொல்ல முடியாது. பக்கத்துல இருந்து பார்த்த ஆள் சொன்னாத்தான் அதுக்கு எடை. திக்கித் திணறிப் பேசினாலும் பரவாயில்ல, பார்த்துக்கிட்டவங்க குரலே போதும், டப்பிங் ஆர்ட்டிஸ்ட் வேண்டாம்.

நாய் வந்த அன்னிக்கு வீடியோ எடுக்கவே இல்ல. இப்போ குணமான நாயவே மூலைல உக்கார வச்சு நடிக்க வச்சுக்கலாமா?

கூடாது. காசுக்காக நாய்ங்கள வேணும்னே ஆபத்துல வச்சு காப்பாத்துற மாதிரி எடுத்த போலி மீட்பு வீடியோக்கள் நிறைய வந்து, யூடியூப் 2021ல அந்த மாதிரி நாடகமா எடுக்குற மீட்பு வீடியோவுக்குத் தடைன்னு விதியிலயே சேர்த்துச்சு. உங்களுது அந்த அளவுக்கு இல்லன்னாலும் ஒரு ஆள் கண்டுபிடிச்சு கமெண்ட்ல போட்டா அடுத்த வீடியோவையும் நம்ப மாட்டாங்க.

வழி இருக்கு. சேர்த்த அன்னிக்கு டாக்டர் எடுத்த ஒரு போட்டோவாவது இருக்கும், அத அஞ்சு நொடி அசையாம வச்சு மேல குரல ஓட்டுங்க. காலியா இருக்க கூண்ட எடுங்க. அட்மிஷன் நோட்டுல தேதியும் "பெயர்: இல்லை"ங்கற வரியும் இருந்தா அது நடிப்பவிட பலமான ஷாட். இனிமேலுக்கு, புதுசா வர்ற ஒவ்வொரு நாயையும் முதல் நாள், பத்தாம் நாள், முப்பதாம் நாள் ஒரே இடத்துல வச்சு பத்து நொடி எடுத்து வைக்கச் சொல்லுங்க, எது கதையாகும்னு அன்னிக்குத் தெரியாது.

வீடியோ போட்டாச்சு, காசு வந்துட்டு இருக்கு, நடுவுல அந்தப் புது நாய் செத்துப்போச்சு. என்ன பண்றது?

அன்னிக்கே வீடியோவ நிறுத்திட்டு விஷயத்தச் சொல்லுங்க, காசு குடுத்தவங்களுக்கு முதல்ல. எப்போ, எதனால, அதுவரைக்கும் என்ன சிகிச்சை நடந்துச்சுன்னு நாலு வரி, ஒரு போட்டோ. மீதிக் காசு எங்க போகப்போகுதுன்னும் அதுலயே சொல்லிடணும், வேண்டாம்னு திருப்பிக் கேக்குறவங்களுக்குத் திருப்பிக் குடுத்துடுங்க, கேக்குறவங்க ரொம்ப கம்மியாத்தான் இருப்பாங்க. அந்தச் சாவயே வச்சு புதுசா ஒரு கோரிக்கைய மட்டும் உடனே போட்டுடாதீங்க.

ஒரு நாய்க்குன்னு கேட்டோம், தேவைக்கு மேல வந்துருச்சு, மிச்சத்த மத்த நாய்ங்களுக்கு எடுத்துக்கலாமா?

ஸ்கிரிப்ட்ல என்ன சொன்னீங்கங்கறதப் பொறுத்தது. "இவனோட ஆபரேஷனுக்கு"ன்னு மட்டும் சொல்லியிருந்தா, குடுத்தவங்க அதுக்குத்தான் குடுத்திருக்காங்க, வேற எதுக்காவது எடுக்கணும்னா அவங்ககிட்ட கேக்கணும், நிறைய நாடுகள்ல சட்டமும் அப்படித்தான் பார்க்கும். அதனால எழுதும்போதே வழி வச்சுடணும். கட்டுற பக்கத்துல, பட்டனுக்கு மேல, "இவன் தேவைக்கு மேல் வரும் தொகை இதே காப்பகத்தில் உள்ள மற்ற நாய்களின் சிகிச்சைக்குப் போகும்"னு ஒரு வரி. குட்டி எழுத்துல ஒளிச்சு வைக்காதீங்க. வீடியோல இத பேச வேண்டாம், வேகம் போயிடும்.

வியூஸ் அள்ளுது, கமெண்ட்ல அழுகை எமோஜியா கொட்டுது, ஆனா காசு வரல. எங்க தப்பு?

மூணு இடத்துல தேடுங்க, வரிசையா. முதல்ல, வீடியோ போட்ட தளத்தோட புள்ளிவிவரப் பக்கத்துல, எந்த நொடி வரைக்கும் பார்க்குறாங்கன்னு காட்டுற கோட்டப் பாருங்க. 15, 20வது நொடில கோடு செங்குத்தா விழுந்தா சோகம் தாங்கல, கஷ்டப் பகுதியக் குறைங்க. 60வது நொடில விழுந்தா கருப்பியோட முடிச்சுட்டுக் கிளம்புறாங்க, ரெண்டாவது நாய அஞ்சு நொடி முன்னாடி கொண்டு வாங்க, கருப்பி இன்னும் ஓடிட்டு இருக்கும்போதே அந்த சொறியுற சத்தம் கேக்க ஆரம்பிக்கட்டும்.

கடைசி வரைக்கும் பார்க்குறாங்க, ஆனா லிங்க்க அமுக்கலன்னா கோரிக்கை வரில கோளாறு, தொகை எதுக்குன்னு புரியல, இல்ல லிங்க் கண்ணுல படல. அமுக்குறாங்க, ஆனா காசு கட்டலன்னா வீடியோ மேல தப்பே இல்ல. அந்தப் பக்கத்த உங்க போன்ல திறந்து, நீங்களே ஒரு சின்னத் தொகை கட்டிப் பாருங்க, எத்தன கட்டம் நிரப்பச் சொல்லுது, எங்க சுத்திட்டே நிக்குதுன்னு ரெண்டு நிமிஷத்துல தெரிஞ்சுடும்.